‘நல்ல வாய்ப்பு இருந்தா சொல்லுங்க!’ - கன்சல்டன்டுக்கு இப்படி எழுதினால் போதுமா?

அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை இரவு. இட்லி மாவை அரைத்து வழித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார் அவர். லிங்க்ட்இன்னில் ஒரு மெசேஜ். பெரிய பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி ஒன்றிலிருந்து வந்திருந்தது. ‘உங்கள் புரொஃபைலைப் பார்த்தோம். வேலை மாறும் எண்ணம் இருக்கிறதா? இருந்தால் எந்த மாதிரி பொறுப்பை எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுத முடியுமா?’

அவருக்கு 44 வயது. ஒரகடம் பக்கம், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவின் தலைவர். அங்கே 11 வருடங்கள். தாம்பரத்தில் சொந்த வீடு, மாமியார், கணவர், ப்ளஸ் டூ படிக்கும் மகள். கடந்த ஆறு மாதமாகவே ‘வேற இடம் பார்க்கணும்’ என்று மனதில் ஓடிக்கொண்டிருந்ததால், பதிலும் கடகடவென்று வந்துவிட்டது.

‘வணக்கம். ஆமாம், நல்ல வாய்ப்பு இருந்தால் மாறத் தயார். எந்தத் துறையாக இருந்தாலும் பரவாயில்லை. ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன்.’

அனுப்பும் முன்பு கணவரிடம் காட்டினார். “உங்க பழைய ஹெச்.ஆர். சார்கிட்ட ஒரு தடவை காட்டிடேன்” என்றார் அவர். அந்த ஹெச்.ஆர். சார், இவரை முதல் வேலைக்கு எடுத்தவர். பிறகு சில வருடங்கள் கன்சல்டன்சி நடத்தி, இப்போது ஓய்வில் குரோம்பேட்டையில் இருக்கிறார். மறுநாள் மாலை போனில் படித்துக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“ஏம்மா, இந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறாங்க, நீயா?”

இல்லை. ஆள் தேவைப்படும் கம்பெனிதான் கொடுக்கிறது. நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். கன்சல்டன்ட் நமக்கு வேலை தேடித் தருபவர் அல்ல, கம்பெனிக்கு ஆள் தேடித் தருபவர். வேலை தேடுபவரிடம் அவர் காசு கேட்கவே கூடாது. கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினருக்கு ஆள் வேலையில் சேர்ந்தால்தான் கட்டணம். இந்தியாவில் வருடச் சம்பளத்தில் 8.33 சதவிகிதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. யார் முதலில் ரெஸ்யூமேவை அனுப்புகிறார் என்பதுதான் இவர்களுக்குள் போட்டி. இன்னொரு வகையினரை, கம்பெனி முன்பணம் கொடுத்து அந்த ஒரு பதவிக்கென்றே அமர்த்தும். முதல் வருடச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட கட்டணம் போகும். அதைத் தவணைகளாகப் பெறுவார்கள். இவர்கள் அவசரப்பட மாட்டார்கள். பொருத்தமான நான்கைந்து பேரைத்தான் கம்பெனி முன்பு நிறுத்துவார்கள்.

“ரெண்டு பேருக்குமே ‘எதுக்கும் தயார்’னு எழுதுற ஆளால பிரயோஜனம் இல்லம்மா. முதல் வகைக்காரன் உன் ரெஸ்யூமேவை நாலு இடத்துக்குத் தூவிடுவான். ரெண்டாவது வகைக்காரன் எந்த ஃபோல்டர்ல போடுறதுன்னு தெரியாம விட்டுடுவான்.”

சார் கேட்டது ஒரே பக்கத்தில் ஒரு மெசேஜ். இப்போது என்ன பொறுப்பில் இருக்கிறார், எந்தப் பொறுப்புக்காக மாறுவார், எந்தத் துறை, எந்த நிபந்தனை. எழுதி முடிக்க அவருக்கு நான்கு நாள்கள் பிடித்தன. அதிக நேரம் எடுத்தது பொறுப்பு பற்றிய வரிதான்.

முதலில் ‘ஜெனரல் மேனேஜர் - குவாலிட்டி பதவியை எதிர்பார்க்கிறேன்’ என்று எழுதினார். சார் அதை அடிக்கச் சொன்னார். ஒரு கம்பெனியில் ஜெனரல் மேனேஜருக்குக் கீழே 100 பேர் இருப்பார்கள். இன்னொரு கம்பெனியில் அதே பெயரில் இருப்பவர் மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆடிட் ஃபைல் பார்த்துக்கொண்டிருப்பார். பதவியின் பெயர் எதையும் சொல்லாது, அளவுதான் சொல்லும். எத்தனை தொழிற்சாலை, எவ்வளவு விற்பனை, கீழே எத்தனை பேர், மேலே யார்?

‘மேலே யார்’ என்ற இடத்தில்தான் அவர் மனதில் இருந்த விஷயம் வெளியே வந்தது.

அவர் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவு, பிளான்ட் ஹெட்டின் கீழே வருகிறது. பிளான்ட் ஹெட்டின் ஊக்கத்தொகையோ மாதம் எத்தனை பாகங்கள் வெளியே போயின என்பதைப் பொறுத்தது. ஏப்ரல் மாதம் 29-ம் தேதி, ஒரு லாட்டில் சில பாகங்களின் துளை விட்டம் வரைபடத்தில் சொன்ன அளவைத் தாண்டியிருந்தது. அவர் சிவப்பு அட்டை மாட்டி லாட்டை நிறுத்தினார். மொத்தத்தையும் ஒவ்வொன்றாக அளந்து பிரிக்க ஒன்றரை நாள் தேவை. ‘கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கிறேன், அனுப்புங்க’ என்றார் பிளான்ட் ஹெட். இவர் கையெழுத்துப் போடவில்லை. லாட் அளந்து பிரிக்கப்பட்டு மே 1-ம் தேதிக்குப் பிறகுதான் போனது. மாதக் கணக்கு குறைந்தது. ஜூனில் வந்த மதிப்பீட்டில் ‘உற்பத்திப் பிரிவோடு இன்னும் ஒத்துழைக்க வேண்டும்’ என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியவர் அதே பிளான்ட் ஹெட்.

கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி, தரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு உற்பத்தியையும் சரக்கு வெளியே போவதையும் நிறுத்தும் அதிகாரம் இருக்க வேண்டும். காகிதத்தில் எல்லா கம்பெனியிலும் அது இருக்கும். சிவப்பு அட்டை மாட்டுகிறவரின் சம்பள உயர்வை யார் எழுதுகிறார் என்பதில்தான் அந்த அதிகாரம் நிஜமா, பொய்யா என்பது தெரியும்.

இதையெல்லாம் கொட்டி அரைப் பக்கம் எழுதிவிட்டார். சார் படித்துவிட்டுச் சிரித்தார். “இதை அப்படியே அனுப்பினா, இருக்கிற கம்பெனியைப் பத்திக் குறை சொல்ற ஆள்னு குறிச்சு வச்சுக்குவாங்க. நாளைக்கு எங்களைப் பத்தியும் சொல்லுவாங்கன்னு நினைப்பாங்க. நடந்ததை எழுதாதே. அது திரும்ப நடக்காம இருக்க என்ன வேணுமோ, அதை எழுது.”

அரைப் பக்கம் ஒரே வரியானது. ‘குவாலிட்டி தலைவர், உற்பத்திப் பிரிவின் கீழ் இல்லாமல் நிர்வாக இயக்குநரிடமோ, நிறுவன அளவிலான குவாலிட்டி தலைவரிடமோ நேரடியாகப் பொறுப்புள்ளவராக இருக்க வேண்டும்.’ கோபம் முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் படிப்பவருக்குக் கோபம் தெரியாது, தேவைதான் தெரியும்.

துறை பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கார் பாகங்கள் முதல் விருப்பம்; மின்சார வாகனங்களுக்கான பாகங்களும் அதில் அடங்கும். இரண்டாவதாக மருத்துவக் கருவி தயாரிப்பு. அங்கே ஐ.எஸ்.ஓ. 13485 என்று வேறு தரநிலை. அரசு உரிம விதிகளைப் புதிதாகப் படிக்க வேண்டும். சப்ளையரைக் கையாள்வது, குறை வந்தால் மூல காரணம் தேடுவது, ஆடிட்டை எதிர்கொள்வது ஆகியவற்றை அப்படியே எடுத்துப்போகலாம். ‘எந்தத் துறையும்’ என்பதைவிட இரண்டு துறைகளும், ஏன் இரண்டாவது என்பதற்கு அரை வரியும் போதும். இந்த வயதில் துறை மாறினால் ஒரு படி கீழே இறங்கச் சொல்வதும் உண்டு. அதற்கு அவர் தயாராக இல்லை, அதையும் எழுதினார்.

அடுத்தது பணம். இங்கேதான் 11 வருட அனுபவம் உள்ளவர்களும் தடுமாறுகிறார்கள்.

அவருடைய சி.டி.சி. 46 லட்சம். அதில் 38 லட்சம் நிலையானது. 8 லட்சம் கம்பெனியின் லாபத்தைப் பொறுத்தது. போன வருடம் அந்த 8-ல் கைக்கு வந்தது 5 தான். ‘46 வாங்குகிறேன், 30 சதவிகிதம் அதிகம் வேண்டும்’ என்று எழுதினால், எதன் மீது 30 என்று குழப்பம் வரும். தவிர, கடைசிக் கட்டத்தில் மூன்று மாதச் சம்பளச் சீட்டும் ஃபாரம் 16-ம் கேட்பார்கள். எண் பொருந்தவில்லை என்றால் அங்கேயே சந்தேகம் எழும். அதனால் நிலையானது எவ்வளவு, மாறக்கூடியது எவ்வளவு, உண்மையில் வந்தது எவ்வளவு என்று மூன்றையும் பிரித்தே எழுதினார்.

கிராஜுவிட்டி கணக்கையும் சார் போடச் சொன்னார். மாத அடிப்படைச் சம்பளம் 1,56,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 90,000. 11 வருடத்துக்கு 9,90,000 ரூபாய். வேலையை விடும்போது இது அவருக்கு வந்துவிடும். இழப்பு எதுவும் இல்லை. ஆனால், புதிய கம்பெனியும் தன் சி.டி.சி.யில் கிராஜுவிட்டி என்று வருடத்துக்கு இதே அளவு ஒரு தொகையைக் காட்டும். அங்கே தொடர்ந்து ஐந்து வருடங்கள் இருந்தால்தான் நிரந்தர ஊழியருக்கு அது கைக்கு வரும். மூன்றாவது வருடம் கிளம்பினால் அந்தத் தொகை காகிதத்தோடு போய்விடும். எனவே ‘கிராஜுவிட்டி நீங்கலாக’ என்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்தார்.

எப்போது சேர முடியும் என்ற கேள்விதான் வீட்டில் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேச வைத்தது. மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. நோட்டீஸ் பீரியட் 90 நாள்கள். ஜனவரி முதல் வாரம் ராஜினாமா கொடுத்தால் ஏப்ரலில் புதிய இடம். கணக்கு சரியாக இருந்தது. போனஸ் நினைவுக்கு வரும்வரை.

மார்ச்சில் முடியும் வருடத்துக்கான போனஸ், ஜூனில்தான் கொடுப்பார்கள். ஏப்ரலில் கிளம்பினால் அது போகும். ‘அப்ப ஜூன் முடிஞ்சு ஜூலையில் சேர்ந்துடுறேன்’ என்றார். ‘போனஸ் கடிதத்தை எடுத்துப் படி’ என்றார் சார். அதில் கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி. பணம் கொடுக்கும் தேதியில் பணியில் இருக்க வேண்டும், நோட்டீஸ் காலத்திலும் இருக்கக் கூடாது. அதாவது, ஜூனில் பணம் வங்கியில் ஏறிய பிறகுதான் ராஜினாமாவே கொடுக்க முடியும். அதிலிருந்து 90 நாள்கள் என்றால், சேர்வது செப்டம்பர் இறுதி.

பெரிய பதவிக்கு ஆள் தேடும் கம்பெனி இரண்டு, மூன்று மாதம் காத்திருக்கும். ஒரு வருடம் காத்திருக்காது. அதனால் மெசேஜில் இரண்டு வழிகளையும் வைத்தார். ஏப்ரலில் வேண்டும் என்றால், இழக்கும் போனஸை ஜாயினிங் போனஸாக ஈடுசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் செப்டம்பர் இறுதி. ஜாயினிங் போனஸ் கொடுக்கும் கம்பெனிகள், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று பெரும்பாலும் எழுதி வாங்குவார்கள். அதற்கு அவர் சம்மதம்.

ஊர்? ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் என்றால் எப்போது வேண்டுமானாலும். ஓசூர், பெங்களூரு என்றால் மகள் கல்லூரியில் சேர்ந்த பிறகு. அதற்கு மேல் வடக்கே இப்போது இல்லை. மாமியாரின் முழங்கால் சிகிச்சை பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தார். சார் அதை எடுக்கச் சொன்னார். “தேதியும் ஊரும் போதும்மா. காரணம் சொன்னா அதைப் பத்தி அவங்க முடிவெடுக்க ஆரம்பிச்சுடுவாங்க. ‘பாவம், வீட்டுல இவ்ளோ பொறுப்பு’ன்னு ஒரு நல்ல மனுஷனே உன் பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுவான்.” அந்த ‘நல்ல மனுஷன்’ ஓர் ஆணின் ரெஸ்யூமேவைப் பார்த்து இப்படிப் பாவப்படுவது அபூர்வம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசி நிபந்தனை ரகசியம். கம்பெனியின் பெயரைச் சொல்லி அனுமதி கேட்காமல் ரெஸ்யூமேவை எங்கும் அனுப்பக் கூடாது. இது வீம்பு அல்ல. இவருடைய பாகங்களை வாங்கும் கார் கம்பெனியின் ஆட்கள் மாதம்தோறும் இவர் தொழிற்சாலைக்கு வந்து பிளான்ட் ஹெட்டோடு டீ குடிக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த ரெஸ்யூமே கிடைத்தால், மறுநாளே விஷயம் அந்த மேஜைக்கு வந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு கன்சல்டன்சிகள் ஒரே ஆளை ஒரே கம்பெனிக்கு அனுப்பிவிட்டால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று கம்பெனி ஆளையே விட்டுவிடும்.

வியாழக்கிழமை இரவு, சொந்த மின்னஞ்சலில் இருந்து, வீட்டு லேப்டாப்பில் அவர் அனுப்பிய ஆங்கில மெசேஜின் தமிழ் வடிவம் இது.

‘வணக்கம். உங்கள் செய்திக்கு நன்றி. நான் அவசரமாக வேலை தேடவில்லை. கீழே உள்ளதற்குப் பொருந்தினால் பேச விருப்பம்.

இப்போது: பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி தலைவர். வருட விற்பனை சுமார் 400 கோடி. என் பிரிவில் 58 பேர். கஸ்டமர் புகார்கள், சப்ளையர் தரம், ஐ.ஏ.டி.எஃப். ஆடிட் மூன்றும் என் பொறுப்பு.

மாறுவதற்கான பொறுப்பு: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிற்சாலைகளின் குவாலிட்டி தலைவர். உற்பத்திப் பிரிவின் கீழ் இல்லாமல், நிர்வாக இயக்குநரிடமோ நிறுவன அளவிலான குவாலிட்டி தலைவரிடமோ நேரடிப் பொறுப்பு. இந்த ஒன்றில் மாற்றம் இல்லை.

துறை: கார் பாகங்கள், மின்சார வாகனப் பாகங்கள். மருத்துவக் கருவி தயாரிப்பு என்றால், இதே நிலையில் உள்ள பொறுப்பு மட்டும்.

ஊர்: சென்னையைச் சுற்றி. ஓசூர், பெங்களூரு என்றால் அடுத்த ஜூலைக்குப் பிறகு.

சம்பளம்: இப்போது நிலையானது 38 லட்சம், மாறக்கூடியது 8 லட்சம், போன வருடம் அதில் கிடைத்தது 5 லட்சம். எதிர்பார்ப்பு, கிராஜுவிட்டி நீங்கலாக நிலையானது 46 லட்சத்தில் இருந்து.

சேரும் தேதி: நோட்டீஸ் 90 நாள்கள். இந்த வருட போனஸை ஈடுசெய்தால் ஏப்ரல். இல்லாவிட்டால் செப்டம்பர் இறுதி.

கம்பெனியின் பெயரைச் சொல்லி என் சம்மதம் பெறாமல் என் விவரங்களை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பேசுவதற்கு மாலை 7.30-க்கு மேல் வசதி. ரெஸ்யூமே, பேசிய பிறகு அனுப்புகிறேன்.’

சனிக்கிழமையே பதில் வந்தது. புனேயில் ஒரு இடம், சம்பளம் இவர் கேட்டதைவிட அதிகம். கணவர்தான் கொஞ்சம் சபலப்பட்டார். ‘ஊர் பொருந்தவில்லை, நன்றி’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார் இவர். கன்சல்டன்ட் வற்புறுத்தவில்லை.

மூன்று வாரம் கழித்து இன்னொன்று. மறைமலை நகர் பக்கம், இரண்டு தொழிற்சாலைகள், ஏப்ரலில் சேரலாம், போனஸை ஈடுசெய்யத் தயார். எல்லாம் பொருந்தி வந்தது, ஒன்றைத் தவிர. ‘தினசரி வேலையில் ஆபரேஷன்ஸ் தலைவரின் கீழ், நிர்வாக இயக்குநரிடம் மாதம் ஒரு முறை நேரடியாகப் பேசலாம்’ என்றார் கன்சல்டன்ட். ‘கிட்டத்தட்ட நீங்கள் கேட்டது மாதிரிதானே மேடம்?’

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கேட்டார். “என் வருட மதிப்பீட்டை யார் எழுதுவாங்க? சம்பள உயர்வுல யார் கையெழுத்துப் போடுவாங்க?”

கன்சல்டன்டுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல ஒன்பது நாள்கள் ஆயின. மதிப்பீட்டை எழுதுவது ஆபரேஷன்ஸ் தலைவர். ‘அதை மட்டும் நிர்வாக இயக்குநருக்கு மாற்றி, ஆஃபர் கடிதத்தில் எழுதித் தந்தால் நேர்முகத்துக்கு வருகிறேன்’ என்று இவர் பதில் போட்டிருக்கிறார். அந்த கம்பெனியிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு இந்த வாரம் வந்தது, மகளின் அரையாண்டுத் தேர்வு அட்டவணை மட்டும்தான். அது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்திலேயே, ஜனவரி முதல் வாரத்தைப் பென்சிலால் வட்டமிட்ட ஒரு காலண்டர் தாள்.